சப்போர்ட் சாட்பாட்டை எதை வைத்து அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் உட்கார்ந்து வேலை செய்யும் சின்ன டீம் நாங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ, செருப்பு, பெல்ட் செய்து நேரடியாக ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் பாட்டைப் பார்த்துக்கொள்வதும், அது தடுமாறும் இடத்தில் நாங்களே வந்து பேசுவதும்தான் பிழைப்பு. மாதக் கடைசியில் ரிப்போர்ட் அனுப்பினால் உடனே போன் வரும், கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணமெல்லாம் ஷூ வியாபாரத்திலிருந்து எடுத்தது.

எங்க பாட் போன மாசம் 18,000 மெசேஜ் அனுப்பியிருக்கு. நல்லதுதானே?

அந்த நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் என்று புரிய இரண்டு உரையாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் ஆள் சைஸ் மாற்ற வேண்டும் என்கிறார். பாட் ஆர்டர் நம்பர் கேட்கிறது, அவர் கொடுக்கிறார், 8-க்கு பதில் 9 வேண்டுமா என்று பாட் உறுதி கேட்கிறது, அவர் ஆமாம் என்கிறார், நாளை மறுநாள் கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்று பாட் சொல்லி முடிக்கிறது. பாட் அனுப்பியது மூன்றே மெசேஜ்.

இரண்டாவது ஆளுக்கும் அதே வேலைதான். ஆனால் அவர் ஆர்டர் நம்பரை நடுவில் ஒரு இடைவெளி விட்டு அடிக்கிறார். பாட் “தவறான எண்” என்கிறது. அவர் மறுபடி அதே மாதிரி அடிக்கிறார், மறுபடி தவறான எண். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார், “படங்களை என்னால் படிக்க முடியாது, ஆர்டர் எண்ணை அனுப்பவும்” என்கிறது. அப்புறம் மெனு, மறுபடி மெனு, கடைசியில் “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” பாட் அனுப்பியது 11 மெசேஜ், வேலை நடக்கவில்லை, மனுஷன் போய்விட்டார். மெசேஜை மட்டும் எண்ணினால் இரண்டாவது உரையாடல்தான் பாட்டுக்குச் சுறுசுறுப்பான நாள். பாட் மோசமாக ஆக ஆக இந்த நம்பர் ஏறும், நன்றாக வேலை செய்தால் இறங்கக்கூடச் செய்யும். ஏறினால் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்றே தெரியாத ஒரு அளவை ரிப்போர்ட்டின் தலையில் போடுவதில் அர்த்தமில்லை.

சரி, அப்போ எதைத்தான் எண்ணணும்?

வந்தவரின் வேலை முடிந்ததா என்பதை எண்ணுங்கள். எண்ணும் அலகு மெசேஜ் இல்லை, ஒரு உரையாடல், அதாவது ஒரு ஆள் ஒரு விஷயத்துக்காக வந்து போனது. மாதத்தில் வந்த உரையாடல்களை மூன்று குவியலாகப் பிரித்துப் போடுங்கள். பாட்டே முடித்து வைத்தது ஒரு குவியல், மொத்தத்தில் அதன் பங்குதான் தீர்வு விகிதம். பாட் மனிதரிடம் ஒப்படைத்தது இரண்டாவது குவியல், ஆபீசில் ஹேண்ட்ஓவர் என்றே சொல்கிறோம், அதன் பங்கு ஹேண்ட்ஓவர் விகிதம். மூன்றாவது, தீரவும் இல்லை ஆளிடம் வரவும் இல்லை, நடுவில் தொலைந்து போனவர்கள்.

பெரும்பாலான டாஷ்போர்டில் மூன்றாவது குவியல் கிடையாது. ஆளிடம் வராததெல்லாம் பாட் தீர்த்தது என்று முதல் குவியலோடு சேர்த்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் பாதி அந்த மூன்றாவது குவியலைத் தோண்டி எடுப்பது பற்றித்தான்.

வாட்ஸ்அப்பில் எல்லாம் ஒரே சாட்டில்தான் ஓடுது. ஒரு உரையாடல் எங்கே முடியுதுன்னு எப்படி வெட்டறது?

வெப்சைட் சாட் மாதிரி வாட்ஸ்அப்பில் ஜன்னலை மூடும் கதையே இல்லை, ஆறு மாதம் முன்னால் ஷூ வாங்கியவர் அதே சாட்டிலேயே இன்றும் எழுதுவார். அதனால் நாமேதான் ஒரு கோடு போட வேண்டும். நாங்கள் போட்ட கோடு 24 மணி நேரம்: வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் எதுவும் எழுதவில்லை என்றால் அந்த உரையாடல் முடிந்தது. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. வாட்ஸ்அப்பின் விதிப்படி, வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் கடைக்காரர் இஷ்டப்படி பதில் எழுதலாம், அதற்கப்புறம் முன்கூட்டி அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜ்தான் அனுப்ப முடியும். நம் கோடும் அதுவும் ஒன்றாக இருந்தால் குழப்பம் குறைவு.

ஒரே உட்காரலில் இரண்டு விஷயம் கேட்டால், ஆர்டர் எங்கே என்று கேட்டுவிட்டு அப்படியே பழைய ரீஃபண்ட் பற்றியும் கேட்டால், இரண்டாகத்தான் எண்ண வேண்டும். ஒன்று தீர்ந்து மற்றது தீராமல் போவது அடிக்கடி நடக்கும்.

இன்னொன்று, எண்ணுவதற்கு முன் களை பிடுங்க வேண்டும். வெறும் “ஹாய்” போட்டுவிட்டுப் போனவர், தப்பு நம்பர், ரம்ஜான் ஆஃபர் மெசேஜுக்கு “ஓகே” என்றோ கும்பிடும் கையோ அனுப்பியவர், இவர்களுக்கெல்லாம் தீர்க்க வேண்டிய விஷயமே கிடையாது. இவர்கள் உள்ளே இருந்தால், ஆஃபர் அனுப்பிய மாதமெல்லாம் உங்கள் பாட் திடீரென்று கெட்டிக்காரனாகத் தெரியும்.

தீர்ந்துச்சுன்னு யார் முடிவு பண்றது? பாட்டா, கஸ்டமரா?

இதுதான் கஷ்டமான கேள்வி. பாட்டைக் கேட்டால் எல்லாம் தீர்ந்தது என்றுதான் சொல்லும். கஸ்டமரைக் கேட்டால், “உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?” என்ற பட்டனை அழுத்துகிறவர்கள் கொஞ்சப் பேர்தான், அதிலும் ரொம்ப சந்தோஷமாக இருப்பவரும் ரொம்பக் கோபமாக இருப்பவரும்தான் அழுத்துவார்கள், நடுவில் இருக்கிறவர் சாட்டை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அதனால் இரண்டு சாட்சிகளை நம்புகிறோம். ஒன்று, நடந்த காரியம். சைஸ் மாற்றக் கேட்டவருக்கு ஆர்டர் சிஸ்டத்தில் பிக்கப் பதிவாகியிருக்கிறதா, முகவரி திருத்தக் கேட்டவருக்கு முகவரி மாறியிருக்கிறதா என்று சாட்டைப் பார்க்காமல் சிஸ்டத்தைப் பார்ப்பது. இரண்டாவது, திரும்பி வந்தாரா என்பது. அதே ஆள் அதே விஷயத்துக்கு ஏழு நாளுக்குள் மறுபடி வந்தால் முதல் தடவை தீரவில்லை என்றே வைத்துக்கொள்கிறோம்.

திரும்பி வருவது என்றால் சாட்டில் மட்டும் பார்த்தால் போதாது, இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பாட்டிடம் கேட்டுப் பலன் இல்லாதவர் மறுபடி பாட்டிடமா போவார்? பில்லில் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் போன் போடுவார். அதனால் போன் பதிவையும் சாட் பதிவையும் மொபைல் நம்பரின் கடைசி 10 இலக்கத்தை வைத்து இணைக்க வேண்டும். ஒன்றில் +91 இருக்கும், ஒன்றில் 0 இருக்கும், முழு நம்பரை ஒப்பிட்டால் ஒன்றுமே பொருந்தாது. எங்கள் வினவல் இவ்வளவுதான், `contacts` என்ற அட்டவணையில் சாட்டும் போனும் சேர்ந்தே இருக்கிறது:

```sql
SELECT DISTINCT a.conv_id
FROM convs a
JOIN contacts b
  ON b.phone10 = a.phone10
 AND b.intent = a.intent
 AND b.started_at > a.ended_at
 AND b.started_at <= a.ended_at + INTERVAL '7 days'
WHERE a.handed_over = false;
```

போனில் வந்தவர் எதற்காக வந்தார் என்பதை எடுத்தவர்தான் குறிக்க வேண்டும். குறிக்கும் பழக்கம் இல்லையென்றால் `intent` வரியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும், பரவாயில்லை, குறைவாகப் பிடிப்பதைவிட மேல்.

ஏழு நாள் என்பது சாஸ்திரம் இல்லை. “ஆர்டர் எங்கே” என்று கேட்டவர் பதில் தப்பாக இருந்தால் மூன்று நாளில் வந்துவிடுவார். சைஸ் மாற்றியதில் தப்பு என்றால் புது ஜோடி கைக்கு வந்து காலில் மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும், அதற்கு நாங்கள் 15 நாள் வைத்திருக்கிறோம்.

ஒரு மாசக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

விளக்குவதற்காக வைத்துக்கொண்ட உருண்டை எண்கள் இவை, எந்தக் கடையின் கணக்கும் இல்லை. ஆனால் விஷயம் நடக்கும் விதம் இப்படித்தான்.

மாதத்தில் 1,000 உரையாடல் வந்தது, 180 ஆளிடம் வந்தது. டாஷ்போர்டு உடனே மீதி 820-ஐப் பார்த்து “பாட் 82% கையாண்டது” என்று பச்சை வட்டம் போடும். நாம் அங்கே நிற்காமல் ஒவ்வொன்றாகக் கழிப்போம்.

அந்த 820-ல் ஹாய், ஓகே, தப்பு நம்பர் வகையறா 90. இவை கணக்கிலேயே வராது, எனவே மொத்தம் 910 ஆகிறது, பாட் கையில் இருப்பது 730. அந்த 730-ல், பாட் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலோ மெனுவின் நடுவிலோ விட்டுப் போனவர்கள் 140 பேர். ஏழு நாளுக்குள் அதே விஷயத்துக்கு சாட்டிலோ போனிலோ திரும்பி வந்தவர்கள் 165. இரண்டையும் கழித்தால் 425. இவற்றில் பாட் பதில் சொல்லியிருக்கிறது, ஆளும் திரும்பி வரவில்லை.

இந்த 425-ஐயும் அப்படியே நம்பாமல் குலுக்கல் முறையில் 100 எடுத்து ஆள் வைத்துப் படித்தோம் என்று வையுங்கள், 12-ல் பாட் சொன்ன பதிலே தப்பு. அப்போது 425-ல் 88% தான் உண்மையில் தீர்ந்தது, அது 374. ஆகத் தீர்வு விகிதம் 910-க்கு 374, சுமார் 41%. ஹேண்ட்ஓவர் 910-க்கு 180, சுமார் 20%. மிச்சம் 356 பேர், சுமார் 39%, யார் கையிலும் சிக்காமல் போனவர்கள்.

பச்சை வட்டத்தில் இருந்த 82 பாதியாகிவிட்டது. பாட் ஒரு நாளில் கெட்டுப்போகவில்லை, முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது.

பதிலே தப்புன்னா ஆள் சும்மா விடுவாரா? திரும்பி வராம எப்படி இருப்பார்?

இருப்பார். எங்களுக்கே புரிந்தது ஒரு உரையாடலைப் படித்த பிறகுதான். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் ஒருவர், 8-ஆம் நம்பர் ஷூ வாங்கியவர், “சைஸ் பத்தல” என்று எழுதியிருந்தார். நமக்குப் பார்த்ததும் தெரியும், கால் உள்ளே போகவில்லை, அடுத்த சைஸ் வேண்டும். பாட் “பத்த” வரை படித்துவிட்டு அதைப் பத்து என்று எடுத்துக்கொண்டது. “10-ஆம் சைஸுக்கு மாற்றப் பதிவு செய்துவிட்டேன், நன்றி” என்று சொல்லி முடித்துவிட்டது. சிஸ்டத்தில் பார்த்தால் பிக்கப் பதிவாகியிருக்கிறது, காரியம் நடந்த சாட்சியும் இருக்கிறது. ஏழு நாளில் அவர் வரவுமில்லை, ஏனென்றால் 10 வீட்டுக்கு வந்து சேரவே அதற்கு மேல் ஆயிற்று. வந்ததும் இரண்டு பக்கமும் கூரியர் காசு தண்டம், மாற்றிக் கொடுத்தும் திட்டு.

தேடிப் பார்த்ததில் அதே “பத்தல” வேறு சிலருக்கும் வேலையைக் காட்டியிருந்தது. இரண்டு சாட்சியும் ஏமாந்த இடம் இது. கையால் படிப்பதை விடக்கூடாது என்று நான் அடம் பிடிப்பதற்கும், சைஸ் விஷயத்துக்கு 15 நாள் என்று கோட்டைத் தள்ளிப் போட்டதற்கும் காரணம் இதுதான்.

இன்னொரு வகை, நொந்து போய் விட்டுவிடுபவர்கள். அறுநூறு ரூபாய் செருப்புக்காக யார் இரண்டு தடவை போராடுவது என்று தம்பிக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களை எந்த வினவலும் பிடிக்காது, அடுத்த ஆர்டர் வராது, அவ்வளவுதான்.

ஹேண்ட்ஓவர் குறையக் குறைய ஆள் செலவு மிச்சம். அதைத்தானே குறைக்கணும்?

ஒரு கடைக்காரர் இப்படிச் சொல்லித்தான் “ஆளிடம் பேச” என்ற பட்டனை முதல் மெனுவிலிருந்து எடுத்து மூன்றாவது மெனுவின் அடியில் போடச் சொன்னார். போட்டோம், எங்கள் தப்புதான், மறுத்துப் பேசியிருக்க வேண்டும். ஹேண்ட்ஓவர் சரசரவென்று இறங்கியது, அவருக்கு ஒரே குஷி. இரண்டு வாரம் கழித்து அவர் கடையில் பில் போடும் பெண்தான் விஷயத்தை உடைத்தார், “சார், நாள் முழுக்க ஆன்லைன் ஆளுங்க கடை நம்பருக்கே போன் பண்றாங்க, கவுன்டர்ல நிக்கறவங்களைக் கவனிக்கவே முடியல” என்று. ஆள் செலவு மிச்சமாகவில்லை, எங்கள் மேசையிலிருந்து அவர் கவுன்டருக்கு இடம் மாறியது.

அதனால் ஹேண்ட்ஓவர் விகிதத்தைத் தனியாகப் படிக்கவே கூடாது, தீர்வு விகிதத்தின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஹேண்ட்ஓவர் குறைந்து தீர்வு ஏறினால் பாட் தேறியிருக்கிறது. ஹேண்ட்ஓவர் குறைந்தும் தீர்வு அப்படியே நின்றால் கதவைப் பூட்டியிருக்கிறோம், ஆட்கள் மூன்றாவது குவியலில் விழுகிறார்கள்.

ஹேண்ட்ஓவரிலும் எல்லாம் ஒரே சாதி இல்லை. அடிப்பாகம் பிரிந்த ஷூவின் படம் வந்தால் பாட் ஒரு வார்த்தை பேசாமல் ஆளிடம் தள்ள வேண்டும் என்று நாங்களே வைத்திருக்கிறோம், அது ஏறினால் பாட்டைத் திட்டக்கூடாது, அந்த மாதம் வந்த பசையையோ தையலையோ பார்க்கச் சொல்ல வேண்டும். பாட் இரண்டு தடவை புரியாமல் விழித்துவிட்டு ஒப்படைப்பது வேறு, அதுதான் பாட்டின் தோல்வி. வந்ததுமே “ஆள் வேணும்” என்று எழுதுகிறவர் மூன்றாவது வகை, அவர் போன தடவை அடிபட்டவராக இருக்கலாம், அல்லது சுபாவமே அப்படியாக இருக்கலாம். காரணத்தைப் பிரித்து எழுதாத ஹேண்ட்ஓவர் எண் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.

ஆள்கிட்ட போயிட்டாலே வேலை முடிஞ்ச மாதிரிதானே?

இல்லை. ராத்திரி 11 மணிக்கு “எங்கள் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார்” என்று பாட் ஒப்படைக்கும், எங்கள் ஆபீஸ் 8 மணிக்கே பூட்டியாயிற்று. காலையில் ஆள் வந்து பார்க்கும்போது வாடிக்கையாளர் தூங்கி எழுந்து வேறு கடையில் வாங்கியிருப்பார். எனவே ஒப்படைத்த நேரத்துக்கும் மனிதர் முதல் வார்த்தை எழுதிய நேரத்துக்கும் இடையில் எவ்வளவு என்று பாருங்கள், சராசரியைப் பார்க்காமல் பத்தில் ஒன்பது பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் போனது என்று பாருங்கள். ராத்திரி காத்திருப்பதெல்லாம் அந்தப் பத்தாவது ஆளிடம்தான் ஒளிந்திருக்கும், அவரையும் தனியாகப் பாருங்கள். யாருமே எடுக்காமல் போன ஹேண்ட்ஓவரை மூன்றாவது குவியலில் போடுங்கள்.

இன்னொரு சின்ன சோதனை: ஆள் வந்ததும் முதல் கேள்வியாக “ஆர்டர் நம்பர் சொல்லுங்க” என்று கேட்கிறாரா? பாட்டிடம் ஏற்கெனவே நாலு தடவை சொன்னவரிடம் ஐந்தாவது தடவை கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட் வாங்கி வைத்த ஆர்டர் நம்பரும் விஷயமும் ஆளின் திரையில் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

எத்தனை சதவீதம் இருந்தா நல்ல பாட்? ஒரு நம்பர் சொல்லுங்க.

மொத்தத்துக்கு ஒரு நம்பர் சொன்னால் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். விஷயவாரியாகப் பாருங்கள். “ஆர்டர் எங்கே” என்பது கூரியர் தரும் தகவலை எடுத்துச் சொல்வதுதான், அதில் பாட் தடுமாறினால் அவமானம். “காசு கழிந்தது, ஆர்டர் பதிவாகவில்லை” என்பதில் பேங்க், பேமென்ட் கம்பெனி, கடை மூன்றும் உண்டு, அதை ஆளிடம் சீக்கிரம் தள்ளுவதே பாட்டின் வேலை.

மொத்தமாகப் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு கணக்கு. ஆர்டர் நிலவரக் கேள்வியில் 80% தீர்க்கிறது, ரீஃபண்ட் கேள்வியில் 20% தீர்க்கிறது என்று வையுங்கள். இரண்டும் பாதிப் பாதி வரும் மாதத்தில் மொத்தம் 50%. தீபாவளி நெருங்கியதும் எல்லோரும் “வந்துடுமா வந்துடுமா” என்று கேட்பார்கள், ஆர்டர் நிலவரம் முக்கால் பங்காகிவிடும், மொத்தம் 65% காட்டும். பாட்டில் ஒரு வரி மாறவில்லை, பாராட்டு மட்டும் வரும். பண்டிகை முடிந்து ரீஃபண்ட் ஆரம்பித்தால் அதே பாட்டுக்குத் திட்டு.

எங்க கஸ்டமர்ல பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்துல அடிக்கிறாங்க, சிலர் உருது, இந்தி. தனியாப் பார்க்கணுமா?

கட்டாயம். ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசுகிறவர்கள் ஏராளம், அவர்களில் பலர் அதையும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். வேலூர் கடைகளுக்கு எழுதுகிறவர்களில், வைத்தியத்துக்காக அந்த ஊரில் வந்து தங்கியிருக்கும் வங்காளக்காரர்கள், ஜார்க்கண்ட்காரர்கள் வேறு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குத் தீர்வு நன்றாக இருந்து, ஆங்கில எழுத்துத் தமிழில் படுத்திருந்தால் மொத்த எண்ணில் அது தெரியவே தெரியாது. மேலே சொன்ன “பத்தல” மாட்டியது இப்படிப் பிரித்துப் பார்த்தபோதுதான். எழுத்து எது, மொழி எது என்று இரண்டு அடையாளம் போட்டால் போதும்.

டூல் விக்கிறவங்க 80% தீர்க்கும்னு சொல்றாங்களே?

எதை எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு ஆள் பேசாமல் போனால் அதற்கு அவர்கள் கணக்கில் என்ன பெயர் என்று கேளுங்கள். உங்கள் கடைக்கு வரும் போன் அந்தக் கணக்குக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள், தெரியாது.

இதில் காசும் சம்பந்தப்பட்டிருக்கிறது. தீர்வுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறை இருக்கிறது. இன்டர்காம் நிறுவனத்தின் ஃபின் என்ற பாட் ஒரு தீர்வுக்கு 0.99 டாலர் என்ற விலையில் விற்பனைக்கு வந்தது. அங்கே வாடிக்கையாளர் தானே சரி என்று சொன்னாலும் தீர்வு, பதிலுக்குப் பிறகு மேலே உதவி கேட்காமல் போனாலும் தீர்வு. அவர்கள் ஒளிக்கவில்லை, விதியை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பில் போடுவதற்கான வரையறை, உங்கள் வாடிக்கையாளருக்கு ஷூ சரியாக இருக்கிறதா என்பதற்கு நீங்கள்தான் தனியாக எண்ண வேண்டும்.

100 உரையாடலை உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கு?

ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம் வைத்தால் இரண்டரை மணி நேரம், மாதத்தில் ஒரு மதியம். முதல் நூறை எடுக்காதீர்கள், மாதம் முழுக்கக் கலந்து குலுக்கி எடுங்கள். முதல் 20-ஐ இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துத் “தீர்ந்தது, தீரவில்லை” என்று குறித்து ஒப்பிடுங்கள். எங்களுக்கு முதல் தடவை ஐந்தில் சண்டை வந்தது. “ஸ்டாக் இல்லை” என்று பாட் சரியாகச் சொன்னால் அது தீர்வா இல்லையா என்பதில் மட்டும் அரை மணி நேரம் போயிற்று. தீர்வு என்று முடிவு செய்து எழுதி வைத்துக்கொண்டோம், வேறு மாதிரி முடிவு செய்தாலும் தப்பில்லை, மாதத்துக்கு மாதம் மாற்றாமல் இருந்தால் சரி.

நூறில் 12 தப்பு என்று வந்தால் முழுக் குவியலில் உண்மையான அளவு சுமார் 7%-லிருந்து 20% வரை எங்கேயும் இருக்கலாம், மாதிரி சின்னது. அதனால் போன மாதம் 41, இந்த மாதம் 43 என்று கேக் வெட்டாதீர்கள்.

அப்போ மெசேஜ் எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம், அதற்கும் ஒரு மூலை கொடுங்கள். டெம்ப்ளேட் மெசேஜுக்கு வாட்ஸ்அப் காசு வாங்குகிறது, அதை எண்ணத்தான் வேண்டும். அப்புறம், பாட் 10 மெசேஜுக்கு மேல் அனுப்பிய உரையாடல்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், பாட் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதெல்லாம் அங்கே மாட்டும். ஆர்டர் நம்பரில் இடைவெளி விட்ட அந்த ஆளை நாங்கள் கண்டுபிடித்தது அப்படித்தான்.

ஏழு நாள், 15 நாள் காத்திருந்தா ரிப்போர்ட் எப்போ வரும்?

தாமதமாகத்தான் வரும். மாதம் முடிந்த மறுநாள் நாங்கள் அனுப்புவது ஹேண்ட்ஓவர் எண்ணும், நடுவில் விட்டுப் போனவர்கள் எண்ணும் மட்டும், அவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தீர்வு விகிதம் இருக்க வேண்டிய இடத்தில் “இன்னும் மூடவில்லை” என்று எழுதி அனுப்பிவிட்டு, 16-ஆம் தேதி நிரப்பி மறுபடி அனுப்புகிறோம். முதல் இரண்டு மாதம் முதலாளிகள் அந்த வெற்றிடத்தைப் பார்த்து எரிச்சலானார்கள். இப்போது 16-ஆம் தேதி மதியத்துக்குள் போகவில்லை என்றால் அவர்களே போன் போடுகிறார்கள்.